மலை உச்சி மீள்பரப்பிக்குச் சூரிய மின்சாரம்: ஜூலையில் தொடங்கும் கணக்கு

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்திறன், மின்னாற்றல் ஆகிய கருத்துகளைக் கற்பித்த பிறகு, அவற்றை உண்மையான ஒரு தேவைக்குப் பயன்படுத்திப் பார்க்க ஏற்ற கணக்கு இது.

வால்பாறை மலைப்பகுதியில் ஒரு பள்ளத்தாக்குப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். இணைய வசதியுள்ள ஊருக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு மலை நிற்கிறது. கம்பியில்லா இணையத்துக்குப் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் மலையைத் தாண்டி வளைந்து வருவதில்லை. எனவே ஊரும் பள்ளியும் தெரியும்படி உச்சியில் ஒரு மீள்பரப்பி தேவை. அங்கே மின்கம்பி இல்லை. சூரியத் தகடும் பேட்டரியும்தான் வழி.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். ஊரை நோக்கி ஒன்று, பள்ளியை நோக்கி ஒன்று என இரண்டு ரேடியோ கருவிகள், தலா 6 வாட். அவற்றை இணைக்கும் சுவிட்ச் 3 வாட். மொத்தம் 15 வாட். இரவும் பகலும் இயங்குவதால் ஒரு நாளுக்கு 15 × 24 = 360 வாட்-மணி. தகட்டில் உருவாகும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு வெப்பத்திலும், கம்பியிலும், பேட்டரியிலும் இழக்கப்படும் எனக் கொண்டால், தகடு நாளொன்றுக்கு 360 ÷ 0.75 = 480 வாட்-மணி தர வேண்டும்.

ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் என எடுத்தால் 480 ÷ 5 = 96. ஆகவே 100 வாட் தகடு போதும் என்று தோன்றும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மேகம் விலகாது. ஜூலையில் வெயில் 2.5 மணி நேர அளவே கிடைக்கிறது எனக் கொள்வோம். அப்போது 100 வாட் தகட்டிலிருந்து இழப்பு போக 187 வாட்-மணி மட்டுமே கிடைக்கும். நாள்தோறும் 173 வாட்-மணி பற்றாக்குறை.

"பெரிய பேட்டரி வைத்தால் போதாதா?" என்று மாணவர் கேட்பார், கேட்க வேண்டும். வெயிலே இல்லாத மூன்று நாள்களைத் தாங்க 1080 வாட்-மணி வேண்டும். ஈய-அமிலப் பேட்டரியில் பாதியை மட்டுமே செலவிட்டால்தான் அதன் ஆயுள் நீளும். எனவே 2160 வாட்-மணி, அதாவது 12 வோல்ட், 180 ஆம்பியர்-மணி பேட்டரி. 100 வாட் தகட்டோடு இது ஜூலையில் ஆறு நாள் தாங்கும். பேட்டரியை இரட்டித்தால் பன்னிரண்டு நாள். மழைக்காலமோ இரண்டு மாதத்துக்கும் மேல். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி; தொட்டியைப் பெரிதாக்கினால் ஊற்று பெருகிவிடாது.

அப்படியானால் 200 வாட் தகடு? அது 375 வாட்-மணி தரும். தேவை தீர்ந்து மிஞ்சுவது 15 மட்டுமே. மூன்று இருண்ட நாள்களில் காலியான 1080 வாட்-மணியை மீண்டும் நிரப்ப 72 நாள் ஆகும்! 300 வாட் தகடு 562 தரும், 202 மிஞ்சும், ஆறாம் நாளில் பேட்டரி நிரம்பிவிடும். ஆகவே நமது விடை 300 வாட். மிக மோசமான மாதத்தின் தேவையோடு, இழந்ததை மீட்கும் உபரியையும் சேர்த்தே தகட்டின் அளவை முடிவுசெய்ய வேண்டும்.

தகட்டைச் சாய்க்கும் கோணத்திலும் கவனம் தேவை. வால்பாறை ஏறத்தாழ 10° வட அட்சத்தில் உள்ளது. ஜூன், ஜூலை நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மேகமூட்டத்தில் ஒளி வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும். எனவே தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சாய்ப்பது மழைக்காலத்தில் இழப்பே. மழைநீர் வழிந்து தூசியும் பாசியும் தங்காதிருக்க 10° சாய்வு போதும்.

அமைத்தபின் விடியற்காலையில் பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறித்து வர வேண்டும். 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரியில் 12.7 என்பது ஏறக்குறைய நிறைவு, 12.2 என்பது பாதி. நாள்தோறும் சிறிது சிறிதாக இறங்கினால் தகடு போதவில்லை, அல்லது அதன்மேல் நிழல் விழுகிறது. மாலையில் முழுவதும் நிரம்பியும் காலையில் வெகுவாக இறங்கியிருந்தால் பேட்டரி பழுதடைந்துள்ளது.

வகுப்பில் செய்ய: சிறிய 6 வோல்ட் தகடு ஒன்றை மல்டிமீட்டருடன் இணைத்து, வெயிலிலும் மேகமூட்டத்திலும் மின்னழுத்தத்தையும் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தையும் அளக்கச் செய்யுங்கள். மின்னழுத்தம் சிறிதளவே குறையும்; மின்னோட்டமோ ஒளியின் அளவுக்கேற்ப வெகுவாகக் குறையும். "வோல்ட் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் பேட்டரி நிரம்பவில்லை?" என்ற கேள்விக்கு விடை அதிலேயே கிடைக்கும். இச்சோதனையைச் சிறு தகட்டில் மட்டுமே செய்ய வேண்டும். பேட்டரியின் முனைகளை ஒருபோதும் இவ்வாறு நேரடியாக இணைக்கக் கூடாது.