மறுப்பு மடலைச் செம்மைப்படுத்துதல்

மேல்பட்டாம்பாக்கத்துப் பள்ளியொன்றின் பெற்றோர் ஆசிரியர் கழகம், 30 மரப் பெஞ்சுகள் செய்து தருமாறு பண்ருட்டியிலுள்ள பட்டறை ஒன்றைக் கேட்டதாகக் கொள்வோம். பெஞ்சு ஒன்றின் விலை ரூ.4,000, மொத்தம் ரூ.1,20,000. முழுத்தொகையையும் முன்பணமாகத் தந்தால்தான் வேலையைத் தொடங்க இயலும் என்கிறார் பட்டறை உரிமையாளர். அதற்குக் கழகச் செயலாளர் எழுதிய முதல் வரைவு:

“முழுப் பணத்தையும் முன்பே கேட்பது முறையன்று. இப்படி வாங்கிக்கொண்டு பலர் ஏமாற்றுகிறார்கள். பாதி இப்போது, மீதி பிறகு. சம்மதமா?”

இவ்வரைவில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, அது தொகையை மறுக்காமல் மனிதரின் நேர்மையை ஐயுறுகிறது. மறுப்புக்கான காரணம் எழுதுவோரின் நிலையிலிருந்து பிறத்தல் வேண்டும்: இது பெற்றோரின் பொதுப்பணம், கணக்குக் காட்டியாக வேண்டும்.

இரண்டாவது, ‘பிறகு’ என்பது எப்போது? ‘15 நாள் கழித்து’ என எழுதினாலும் பிழையே. வேலை நடவாவிடினும் நாள் வந்துவிடும். ஒவ்வொரு தவணையும் கண்ணால் கண்டு உறுதிசெய்யத்தக்க ஒரு வேலைநிலையோடு இணைதல் வேண்டும்.

மூன்றாவது, உரிமையாளரின் தேவையை வரைவு எண்ணவில்லை. அவர் மரம் வாங்கக் கைப்பணம் வேண்டும். அளவு சொல்லிச் செய்த பெஞ்சுகளை நாம் மறுத்துவிட்டால், பிறரிடம் விற்பதும் அவருக்கு எளிதன்று.

முதல் தவணை எவ்வளவு? நடுவணரசின் பொது நிதி விதிகள் (2017), தனியார் நிறுவனங்களுக்குத் தரும் முன்பணம் இயல்பாக ஒப்பந்தத் தொகையில் 30 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்கின்றன. கழகத்தை அவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும் அதனை நல்லதோர் அளவுகோலாகக் கொள்ளலாம். செம்மைப்படுத்திய மடல் வருமாறு:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் விலைப்புள்ளியை ஏற்கிறோம். பெற்றோர் அளித்த பொதுப்பணமாதலின் முழுத்தொகையையும் முன்பணமாகத் தர இயலாத நிலையில் உள்ளோம். மாறாக, வேலையைத் தொடங்க ரூ.36,000, 30 பெஞ்சுகளின் சட்டங்களும் முடிந்து நாங்கள் பார்வையிட்ட அன்றே ரூ.48,000, பள்ளியில் ஒப்படைத்துச் சரிபார்த்த அன்றே ரூ.36,000 எனத் தருகிறோம். மரம் வாங்க முதல் தவணை போதாதெனில், இரண்டாம் தவணையிலிருந்து ஒரு பகுதியை மரக்கடைக்கு நாங்களே நேராகச் செலுத்துவோம். தங்கள் இசைவை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

மறுப்பு ஒரே தொடரில் முடிந்து, மாற்றுவழி உடன் தொடர்வதைக் காண்க. ‘அன்றே’ என்னும் சொல் உரிமையாளருக்குக் காப்பு. இறுதித் தவணை கழகத்திற்குக் காப்பு. பெஞ்சு ஆடினால், சீர்செய்யும் வரை அத்தொகை கழகத்தின் கையில் இருக்கும்.

கற்பவை கற்றபின்

உரிமையாளர் 50 விழுக்காடு முன்பணம் கேட்டு மறுமொழி எழுதினால், மூன்று தவணைகளையும் எவ்வாறு மாற்றியமைப்பீர்? மடலாக எழுதுக.