பதில் கிடைக்காத கேள்விகள் கூறுவது என்ன?

வங்கியின் சாட்பாட்டிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, "மன்னிக்கவும், தங்கள் கேள்வி புரியவில்லை" என்ற பதிலைப் பெற்ற வாடிக்கையாளர்கள் பலர் இருப்பர். அந்தக் கேள்வி அத்துடன் மறைந்துவிடுவதில்லை. உரையாடல் பதிவேட்டில் தங்கிவிடுகிறது. அத்தகைய கேள்விகளைத் திரட்டி, பொருளால் ஒத்தவற்றை ஒரு குழுவாகச் சேர்த்தால், சாட்பாட் அறியாதது எது என்பது புலப்படும். அப்பணி நடைபெறும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

முதற்பணி திரட்டுதல். 'புரியவில்லை' என்ற பதில் பெற்ற கேள்விகளை மட்டும் எடுத்தால் போதாது. பதில் கிடைத்த பின்னரும் அதே கேள்வியை வேறு சொற்களில் மீண்டும் கேட்டவர்கள், உடனே அலுவலரிடம் பேச வேண்டும் என்றவர்கள் ஆகியோரின் கேள்விகளும் பதில் பெறாதவையே. இவற்றிலுள்ள கணக்கு எண், கைபேசி எண் போன்றவற்றை நீக்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது குழுவாக்குதல். கணினி ஒவ்வொரு கேள்வியையும் அதன் பொருளைக் குறிக்கும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. பொருளில் நெருங்கிய கேள்விகளுக்கு எண்களும் நெருக்கமாக அமையும். அவ்வாறு நெருங்கியவை ஒரு குழுவாகின்றன. எதனோடும் சேராத கேள்விகளைத் தனியே விட்டுவிடுவதே முறை. வலிந்து சேர்த்தால் குழுவின் பொருள் கலங்கிவிடும்.

இனி எடுத்துக்காட்டு. 12 கேள்விகள் கொண்ட ஒரு குழு அமைந்ததாகக் கொள்வோம். அனைத்திலும் 'பணம் வரவில்லை' என்ற கருத்து உள்ளது. கணினிக்கு இது ஒரே குழு. ஆயினும் அலுவலர் ஒருவர் வரிவரியாகப் படிக்கும்போது மூன்று வேறு செய்திகள் வெளிப்படுகின்றன. ஐந்து பேருக்கு ஏ.டி.எம்.மில் பணம் வராமலேயே கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளது. நான்கு பேர் யு.பி.ஐ. வழியே அனுப்பிய தொகை உரியவரின் கணக்கைச் சென்றடையவில்லை. மூவருக்கு ஓய்வூதியம் வரவில்லை.

இம்மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. ஏ.டி.எம். குறித்த விடை சாட்பாட்டிடம் முன்பே உள்ளது. ஆனால் அது 'தோல்வியுற்ற பரிவர்த்தனை' என்ற தலைப்பில் உள்ளது. வாடிக்கையாளர் எவரும் அச்சொல்லால் கேட்பதில்லை. இங்குக் குறை சொல்லில் உள்ளது. மக்கள் கேட்கும் சொற்களை அந்த விடையோடு இணைத்தால் போதும்.

யு.பி.ஐ. குறித்த விடையோ சாட்பாட்டிடம் இல்லவே இல்லை. இது அறிவுக் குறை. விடையைப் புதிதாக எழுத வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பெறுபவர் கணக்கில் வரவாகாத யு.பி.ஐ. தொகை, பரிவர்த்தனைக்கு அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. ஏ.டி.எம்.முக்கும் அதே இழப்பீடுதான். காலவரம்பு மட்டும் 5 நாள்கள். இரண்டையும் ஒரே விடையில் அடக்கினால், அடுத்த நாளே முறையிட வேண்டியவர் ஐந்து நாள்கள் வீணே காத்திருப்பார்.

ஓய்வூதியக் கேள்வியின் காரணம், உயிர்வாழ் சான்றிதழ் அளிக்கப்படாததாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். கணக்கைப் பாராமல் விடை கூற இயலாது. எனவே சான்றிதழ் அளித்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, உரையாடலை அலுவலரிடம் ஒப்படைப்பதே சாட்பாட் செய்யத்தக்கது.

குழுவாக்குதலுக்கு வரம்புகளும் உண்டு. 'கார்டை முடக்க வேண்டும்', 'கார்டின் முடக்கத்தை நீக்க வேண்டும்' என்னும் இரண்டும் எதிரெதிரானவை. ஆயினும் சொற்கள் ஒத்திருப்பதால் கணினி இவற்றைப் பெரும்பாலும் அருகருகே வைத்துவிடும். கார்டைத் தொலைத்தவருக்கு முடக்கத்தை நீக்கும் வழியைக் காட்டினால் விளையும் கேட்டை விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் ஒவ்வொரு குழுவிலிருந்தும் சில கேள்விகளையேனும் ஒருவர் நேரில் படித்தாக வேண்டும். பெரிய குழுவே முதன்மையானது என்பதும் சரியன்று. கார்டு தொலைந்தவர் இருவரே ஆயினும், அவர்களின் கேள்வி காத்திருக்க இயலாதது.

திருத்தம் பயனளித்ததா என்பதை அறிய, குழுவிலிருந்து முன்பே ஒதுக்கிவைத்த சில கேள்விகளைச் சாட்பாட்டிடம் கேட்டுப் பார்க்கிறோம். அடுத்த மாதம் குழு சிறுத்திருப்பது மட்டும் சான்றாகாது. 'புரியவில்லை' என்பதற்குப் பதிலாகத் தவறான விடையைச் சொன்னாலும் குழு சிறுக்கும். விடை பெற்றவர் மீண்டும் அதையே கேட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர்கள் 'பணம் வரவில்லை' என்று நிறுத்தாமல், எங்கிருந்து, எந்த வழியில் வர வேண்டிய பணம் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால், அக்கேள்வி உரிய குழுவைச் சேரும். ரகசியக் குறியீட்டு எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எந்த உரையாடலிலும் எழுத வேண்டாம்.