பெயரில்லாத லேன் சாக்கெட்டுக்குப் பெயர் வைப்பது எப்படி?

பழைய அலுவலகத் தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் சுவர் முழுக்க லேன் சாக்கெட்டுகள் இருக்கும். எது எங்கே போகிறது என்று ஒரு குறிப்பும் இருக்காது. மறுமுனையில், ரேக்கில், 24 போர்ட் பேட்ச் பேனல் ஒன்று நிற்கும். இந்த இரண்டையும் பொருத்திக் காட்டும் கருவிதான் டோன் ஜெனரேட்டர். அதை ஒயரின் ஒரு முனையில் மாட்டினால் ஏற்ற இறக்கத்தோடு ஒலிக்கும் சிக்னல் ஒன்றை அனுப்பும். மறுமுனையில் பேனா போன்ற ப்ரோபைக் கிட்டே கொண்டுபோனால் அந்த ஒலி கேட்கும். தொட வேண்டியதில்லை.

முதலில் எல்லா சாக்கெட்டுகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். வாசலில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி வந்தால் போதும். ரேக்கில் பேனலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் பேட்ச் கார்டுகளையெல்லாம் கழற்றிவிடுங்கள். எது எங்கே இருந்தது என்று அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சோடு இணைந்த ஒயரில் டோன் அமுங்கிப்போகும். ஸ்விட்ச் கேமராவுக்கோ போனுக்கோ அதே ஒயரில் மின்சாரம் அனுப்பினால் ஜெனரேட்டரும் பழுதாகலாம். பழைய டெலிபோன் லைனும் அப்படித்தான். மணி அடிக்கும்போது அதில் வரும் வோல்டேஜ் சாதாரணமானதல்ல. கரண்ட் ஒயரில் இந்தக் கருவியை மாட்டவே கூடாது.

பல ஜெனரேட்டர்களோடு டெலிபோன் பிளக் ஒன்று வரும். அதை லேன் சாக்கெட்டில் சொருகாதீர்கள். ஓரத்து இரண்டு பின்களை அது அழுத்தி வளைத்துவிடக்கூடும். பழைய பேட்ச் கார்டு ஒன்றை நடுவில் வெட்டி, உள்ளிருக்கும் எட்டு ஒயர்களின் நுனியையும் சீவிக்கொள்வதே நல்லது. பிளக் சாக்கெட்டுக்குள் போகும்; ஜெனரேட்டரின் கிளிப்புகள் ஒயரைக் கவ்வும்.

எந்த ஒயரைக் கவ்வுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிவப்பு கிளிப்பை நீலத்திலும் கறுப்பை அதன் ஜோடியான வெள்ளை-நீலத்திலும் மாட்டினால் ஒலி மங்கலாக வரும். ஜோடியாக முறுக்கிய ஒயர்கள் சிக்னலை வெளியே சிந்தவிடாமல் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன; முறுக்குவதே அதற்காகத்தான். அதனால் தேடும்போது சிவப்பை நீலத்திலும் கறுப்பைப் பழுப்பிலும் மாட்டுங்கள். ஒயரைச் சுற்றி ஒலி நன்றாகப் பரவும். பின்களை வரிசைப்படுத்தும் இரண்டு முறைகளிலுமே நீலமும் பழுப்பும் இடம் மாறாதவை என்பதால் குழப்பமும் இல்லை.

இனி ரேக்குக்குப் போங்கள். ப்ரோபின் சத்தத்தைக் கூட்டி வைத்து, பேனலின் பின்னால் ஒயர் கட்டுகளின் மேல் மெல்ல நகர்த்துங்கள். எந்தக் கட்டில் ஒலி வருகிறதென்று தெரிந்ததும் சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு போர்ட்டாகப் போங்கள். ஒரே மாதிரி விடாமல் முனகினால் அது பக்கத்துக் கரண்ட் ஒயரின் இரைச்சல். ஜெனரேட்டரின் ஒலி ஏறி இறங்கும்.

7ஆம் சாக்கெட்டில் ஜெனரேட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 13, 14, 15 மூன்று போர்ட்டிலும் ஒலி கேட்கிறது. நீண்ட தூரம் சேர்ந்தே வரும் ஒயர்களில் டோன் பக்கத்து ஒயருக்கும் தாவிவிடும். 14இல் சற்று அதிகம்போலத் தெரிகிறது. இதை நம்பி லேபிள் ஒட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. உறுதி செய்யும் வழி எளியது. லேன் பிளக் ஒன்றில் 4, 5 பின்களை ஒரு துண்டு ஒயரால் இணைத்து முன்பே கிரிம்ப் செய்து வைத்திருங்கள். சாக்கெட் பக்கம் நிற்பவரைக் கூப்பிட்டு, "கறுப்பு கிளிப்பை வெள்ளை-நீலத்துக்கு மாத்துங்க" என்று சொல்லுங்கள். 14ஆம் போர்ட்டின் பின்னால், ஒயர் பேனலில் இறங்கும் இடத்தில் ப்ரோபைப் பிடித்தபடி பிளக்கை முன்னால் சொருகுங்கள். சரியான ஒயராக இருந்தால் ஜோடி இரண்டும் ஷார்ட் ஆகி ஒலி சட்டென்று நின்றுவிடும். 15இல் சொருகினால் 14இன் ஒலி அப்படியே தொடரும். கேபிள் டெஸ்டர் கையில் இருந்தால், இரு முனையிலும் மாட்டி எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

எந்தப் போர்ட்டிலும் ஒலி வராத சாக்கெட்டுகளும் இருக்கும். பேனலில் பஞ்ச் செய்யாமல் ரேக்குக்குப் பின்னால் சுருட்டி விட்ட ஒயர்களில் முதலில் தேடுங்கள். பிறகு சாக்கெட்டுக்கு நேர் மேலே ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, ஒலி எதுவரை வருகிறதென்று ப்ரோபோடு பின்தொடருங்கள். ஒலி நிற்கும் இடத்தில் ஒயர் அறுந்தோ வெட்டப்பட்டோ இருக்கும். ஆனால் உலோகத் தாள் சுற்றிய கேபிள் அல்லது இரும்புக் குழாய் என்றால் நடுவழியில் எதுவும் கேட்காது. அங்கே முனைகளில் மட்டுமே தேட முடியும்.

பேனலில் அச்சிட்ட எண்ணையே சாக்கெட்டுக்கும் வைத்துவிடுங்கள். 7ஆம் சாக்கெட்டின் லேபிள் இனி 14. மாஸ்கிங் டேப்பில் எழுதிய 7ஐ அன்றே உரித்துவிடுங்கள். பேனலின் பின்னால், ஒயரின் மீதும் அதே எண்ணை ஒட்டுங்கள். நாளை பேனலை மாற்றினாலும் அது ஒயரோடு இருக்கும்.