குறட்டை நிற்கும் நொடிகள்

குறட்டை விடுகிறவரைப் பற்றி வீட்டில் எழும் புகார் எப்போதும் சத்தத்தைப் பற்றித்தான். பக்கத்து அறை வரை கேட்கிறது, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், கூடப் படுக்கவே முடியவில்லை. டாக்டரிடம் போனாலும் இதையேதான் சொல்கிறோம். ஆனால் டாக்டருக்கு உதவக்கூடிய தகவல் வேறு: குறட்டை நடுவில் நிற்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, மறுபடி எப்படித் தொடங்குகிறது? ஸ்லீப் ஆப்னியா என்ற நோய் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியில் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பதால், தன் நோயின் முக்கியமான அறிகுறியை அவரால் ஒருநாளும் சொல்ல முடியாது. ஆகவே இதில் விசாரணை பக்கத்தில் படுப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். “எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் தூங்குறேன்” என்று நோயாளி சொல்வது பொய்யில்லை. ஆனால் அது சாட்சியமும் ஆகாது.

இடைவெளி ஏன் வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நாக்கின் அடிப்பகுதிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் நடுவே மூச்சு போகும் வழியைச் சுற்றி எலும்பு கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கத்தில் அந்தத் தசைகள் தளர்கின்றன. வழி கொஞ்சம் குறுகினால் காற்று உரசித் தசை அதிர்கிறது, அது குறட்டை. இன்னும் குறுகும்போது நெஞ்சு உள்ளிழுக்கும் விசையே சுவர்களை ஒட்ட வைத்துவிடுகிறது. இளநீரில் ஊறிப்போன பேப்பர் ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வது போலத்தான். காற்று நின்றதும் சத்தமும் நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை அரைகுறையாக விழித்துத் தசையை இறுக்குகிறது. ஒரு பெரும் சீறலோடும் திணறலோடும் மூச்சு திரும்புகிறது. அந்தக் கணத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. விழிப்பு சில நொடிகளே நீடிப்பதால் காலையில் எதுவும் நினைவில் இருக்காது. இது ஓர் இரவில் நூறு, இருநூறு முறை நடந்தாலும் அவரைப் பொறுத்தவரை அவர் விடிய விடியத் தூங்கியவர்தான்.

ஆகவே பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியது இதுதான். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது, கூடுமானால் விடியற்காலையை ஒட்டி, போனில் பத்து நிமிட வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். தொண்டைத் தசை மிகவும் தளர்வதும் அப்போதுதான். போர்வையை இடுப்புக்கு இறக்கிவிட்டு நெஞ்சும் வயிறும் தெரியும்படி எடுக்க வேண்டும். சத்தம் நின்ற பிறகும் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், சில சமயம் நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு உப்பினால், உடல் மூச்சுக்குப் போராடுகிறது, வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவர்களில் இப்படி 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால்தான் கணக்கில் சேரும். வீடியோவில் ஓடும் நேரத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். நெஞ்சும் வயிறும் அசையாமலே மூச்சு நின்றால் அது வேறு வகை. அதில் அடைப்பு இல்லை, மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை. இதயம் பலவீனமானவர்களிடம் அது வருவதுண்டு, வைத்தியமும் வேறு. டாக்டருக்கு இந்த வீடியோ பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

இதற்கு நம் வீடுகளில் வரும் முதல் மறுப்பு, “படுத்ததும் அடிச்சுப் போட்டாப்பல தூங்கிடுவார், அவருக்கா தூக்க வியாதி?” என்பது. தலையணையில் தலை பட்டதும் தூங்குவதைக் கொடுப்பினை என்கிறோம். ஆனால் மதியம் மீட்டிங்கில், டிவி முன்னால், சிக்னலில் நிற்கும் காருக்குள்ளேகூட ஒருவர் அதேபோல் தூங்கிவிட்டால், அது தூக்கக் கடன் தீராத உடம்பின் அடையாளம். ஆஸ்திரேலிய மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இதைத்தான் கேட்கிறது: எட்டுச் சாதாரண சூழ்நிலைகளில் கண் அசர எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-இல் 10-ஐத் தாண்டினால் தூக்கம் மிகை. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பல வருடங்களாகச் சொக்கிப்போய் இருப்பவருக்கு அதுவே இயல்பாகிவிடுவதால் குறைத்தே போடுவார். அதே கேள்விகளைக் கூட இருப்பவரும் தனியாக நிரப்பி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு மறுப்பு நியாயமானது. பகலில் தூக்கம் வர ஆயிரம் காரணம் இருக்கிறது: ஐந்து மணி நேரமே தூங்குவது, ஷிஃப்ட் வேலை, இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சளிக்குப் போடும் மாத்திரை. எல்லாவற்றையும் குறட்டை தலையில் கட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரித்துப் பார்க்க எளிய வழி விடுமுறை நாட்கள். தொடர்ந்து சில இரவுகள் எட்டு மணி நேரம் தூங்கியதும் தெளிவு வந்துவிட்டால் குறை பெரும்பாலும் தூக்கத்தின் அளவில். எவ்வளவு நேரம் தூங்கினாலும் எழும்போதே களைப்பு, வாய் வறட்சி, காலைத் தலைவலி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது என்று இருந்தால் ஆப்னியாவைத் தேட வேண்டும். இரவுச் சிறுநீரை எல்லாரும் புராஸ்டேட் கணக்கிலோ சர்க்கரைக் கணக்கிலோ எழுதிவிடுகிறார்கள். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிந்து சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரப்பதும் ஒரு காரணம். பெண்களிடம் குறட்டையைவிடத் தூக்கமின்மையும் அசதியுமே முன்னால் நிற்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு இந்த நோய் அதிகமாகிறது. குழந்தைகளோ தூங்கி வழிவதற்குப் பதில் துறுதுறுவென்று இருப்பார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம்.

“குண்டாக இருப்பவர்களுக்குத்தானே?” என்பது அடுத்த கேள்வி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 48 வயது ஆண், உயரம் 168 செ.மீ., எடை 73 கிலோ, பி.எம்.ஐ. சுமார் 26. யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். கழுத்துச் சுற்றளவு 41 செ.மீ. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிட்டும் கட்டுக்குள் வரவில்லை. டொராண்டோவில் உருவாகி 2008-இல் வெளியான ஸ்டாப்-பேங் வினாப்பட்டியலில் இவரை நிறுத்தலாம்: சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை மனைவி பார்த்தது, இரத்த அழுத்தம், 40 செ.மீ.க்கு மேல் கழுத்து, ஆண். எட்டில் ஆறு. எடைக்கும் வயதுக்கும் மதிப்பெண்ணே கிடைக்கவில்லை, இருந்தும் 5-க்கு மேல் போய் அதிக ஆபத்துள்ளவராகிறார். ஆசியர்களின் முக அமைப்பில் தாடை எலும்பு சற்றுச் சிறியதாக இருப்பதால், குறைந்த எடையிலேயே தொண்டை அடைக்கும் என்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். உடம்பின் மொத்தத்தைவிடக் கழுத்தும் தாடையும் இங்கே முக்கியம்.

இவருக்கு அடுத்தது பரிசோதனை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வாங்கி, “95 காட்டுது, பயமில்லை” என்று முடிப்பவர்கள் உண்டு. விழித்திருக்கும்போது பார்க்கும் எண்ணுக்கு இதில் மதிப்பே இல்லை. இரவெல்லாம் போட்டுப் பார்த்தாலும், ஆக்சிஜன் அதிகம் இறங்குமுன்பே மூளை விழித்துவிடும் தடைகள் அதில் விழாது. வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஸ்லீப் ஸ்டடி கருவி இன்னும் மேல். மூக்கின் காற்று, நெஞ்சின் அசைவு, ஆக்சிஜன் மூன்றையும் பதிவு செய்யும். ஆனால் தூங்கினாரா, விழித்துக் கிடந்தாரா என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. நம்மவருக்கு 108 முறை மூச்சு தடைப்பட்டது, தூங்கியது 6 மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 18. 15 முதல் 30 வரை நடுத்தர நோய். ஆனால் கருவி ஓடியது 8 மணி நேரம், அதனால் வகுத்தால் 13.5, 5 முதல் 15 வரை லேசான நோய். ஒரே இரவு, ஒரே தொண்டை, ரிப்போர்ட்டில் வேறு வகுப்பு. அறிகுறிகள் பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், மூளை அலைகளையும் பதிவு செய்யும் முழு இரவுப் பரிசோதனைக்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டியது இதனால்தான்.

கடைசி மறுப்புதான் பலரை டாக்டரிடமே போகவிடாமல் தடுப்பது: “கண்டுபிடிச்சா ஆயுசு முழுக்க மிஷினை மாட்டிக்கணும்.” சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981-இல் வெளியிட்ட சிபாப் முறை மருந்தில்லை; காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் ஏற்பாடு, போட்டிருக்கும் நேரத்துக்கே பலன். அது மாரடைப்பைத் தடுக்கிறதா என்று கேட்டால், 2016-இல் வெளியான சேவ் ஆய்வு அப்படிக் காட்டவில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆய்வில் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரம்தான். மிகவும் தூங்கி வழிபவர்களை அதில் சேர்க்கவேயில்லை. அப்படியிருந்தும் பகல் தூக்கம் குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது. ஆகவே அதை ஆயுள் காப்பீடாக விற்பதை நான் ஏற்கமாட்டேன். பகலைத் திருப்பித் தரும் கருவி என்று சொன்னால் சரி. முதல் வாரத்தில் கைவிடுபவர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் மாஸ்க்கில்தான் இருக்கிறது. காலையில் கண் எரிந்தால் மாஸ்க்கின் மேல்விளிம்பில் காற்று கசிகிறது. பட்டையை இறுக்காமல் அளவை மாற்றுங்கள். வாய் உலர்ந்தால் வாய்வழி காற்று போகிறது. மூக்கடைப்புக்கு வைத்தியம் பார்த்து ஈரப்பதமூட்டியைச் சேர்க்கலாம்.

எல்லாருக்கும் மிஷின்தான் என்றும் இல்லை. லேசான நோயில் ஒருக்களித்துப் படுப்பதே போதுமானதாக இருக்கலாம். கீழ்த்தாடையை முன்னிழுத்துப் பிடிக்கும் பல்கருவியும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வில், எடை பத்து சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத் தடைகள் சுமார் கால்பங்கு குறைந்தன. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்தும் என்பதால், ‘தூக்கம் சரியில்லை’ என்று தானாக மாத்திரை வாங்கிப் போடுவது இங்கே தலைகீழ் வைத்தியம். பகலில் கண் சொக்குகிறவர், வைத்தியம் பிடிக்கும் வரை ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால், குடலிறக்கமோ முட்டியோ எதுவானாலும், மயக்க மருந்து டாக்டரிடம் இந்தக் குறட்டையையும் வீடியோவையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். மயக்க மருந்தும் அதன்பின் தரும் வலிமருந்தும் அதே தசைகளைத்தான் தளர்த்துகின்றன. ஏற்கெனவே சிபாப் இருந்தால் அதையும் பையில் எடுத்துக்கொண்டு அட்மிட் ஆக வேண்டும்.