திங்கட்கிழமை வயிற்றுவலி

"டீச்சர், வயிறு வலிக்குது."

சென்ற கல்வியாண்டில் என் நான்காம் வகுப்பில் இந்தக் குரல் பெரும்பாலும் திங்கட்கிழமை முதல் பாடவேளையில்தான் கேட்கும். மலர் (பெயரை மாற்றியிருக்கிறேன்) தொப்புளைச் சுற்றிக் கையை வைத்தபடி நிற்பாள். முகம் வெளுத்திருக்கும். நான் அவள் அம்மாவுக்குப் போன் செய்வேன். அவர் வந்து அழைத்துப் போவார். மதியத்துக்குள் வலி போய்விடும். மூன்று மாதங்களில் 11 நாள்கள் அப்படிப் போயின.

குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்தாயிற்று. மருத்துவமனையில் சிறுநீர், மலம், இரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, "ஒன்றுமில்லை" என்றார்கள். அப்பா அதை "நடிக்கிறாள்" என்று எடுத்துக்கொண்டார். அம்மாவோ வேறு மருத்துவரைத் தேடினார். உண்மையைச் சொன்னால், நானும் அப்போது பாதி அப்பாவின் பக்கம்தான்.

இரண்டுமே தவறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் 1950களில் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. பெரும்பாலானவர்களிடம் உடல்நோய் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் வலி உண்மையானது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் நரம்புச் செய்தி ஓடுகிறது. சில குழந்தைகளுக்கு அந்த நரம்புகள் கூருணர்வு கொண்டுவிடுகின்றன; குடல் சாதாரணமாக அசைவதும் விரிவதும்கூட வலியாகத் தெரிகிறது. பயமும் மலச்சிக்கலும் அதைக் கூட்டும். ஆகவே "ஒன்றுமில்லை" என்பதற்கு "ஆபத்தான நோய் இல்லை" என்றே பொருள்.

அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர், ஆசிரியர் அல்ல. தொப்புளை விட்டு விலகி ஓரிடத்தில், குறிப்பாக வலது அடிவயிற்றில் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர் என்ன செய்வது? அமெரிக்காவில் லின் வாக்கர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் கண்ணைத் திறந்தது. குழந்தைகளை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து உப்புசத்தை உண்டாக்கினார்கள். சில பெற்றோர் வலியைப் பற்றியே விசாரித்தார்கள்; சிலர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள்; மற்றவர்களுக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. இந்த மூன்றாம் வகையோடு ஒப்பிட்டால், விசாரித்தபோது குழந்தைகளின் முறையீடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பேச்சைத் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், வயிற்றுவலிக் குழந்தைகளின் பெற்றோர் பேச்சைத் திருப்புவதுதான் பிள்ளையைப் பாதிக்கும் என்று அஞ்சினார்கள். பிள்ளைகளோ அதுதான் தங்களுக்கு இதமாக இருந்தது என்றார்கள்.

மலரின் அம்மாவை அழைத்துப் பேசினேன். காலையில் எழுந்ததும் "இன்னைக்கு வயிறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பது அவர் வழக்கம். அதை நிறுத்தச் சொன்னேன். மலரே சொன்னால் ஒருமுறை மட்டும், "வலிக்குதா? சரியாயிடும், அதுக்குள்ள தலை பின்னலாம் வா" என்று சொல்லி வேலையைத் தொடர வேண்டும். காலை உணவுக்குப் பின் பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காரவைக்க வேண்டும். அவள் பள்ளிக் கழிப்பறைக்கே போகாமல் அடக்குகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. விடுப்பு எடுத்தே ஆகவேண்டிய நாளில் படுத்து ஓய்வு மட்டும். டிவி, போன், கடைத் தின்பண்டம் கிடையாது. "நடிக்கிறாய்" என்ற சொல்லை அப்பா விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

"வலியோட அனுப்பறது பாவம் இல்லையா டீச்சர்?" என்று அம்மா கேட்டார். வகுப்பில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வலி வந்தால் ஜன்னலோரம் பத்து நிமிடம் உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், பிறகு இடத்துக்குத் திரும்புவாள். எடுத்ததற்கெல்லாம் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டேன்.

முதல் வாரம் வலி கூடியது. அழுதாள். வழக்கமாகக் கிடைத்த கவனிப்பு குறைந்தால் முதலில் இப்படித்தான் ஆகும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்ததால் அவர் தளரவில்லை. இரண்டாம் வாரம் ஜன்னலோரம் இரண்டே முறை.

இதற்கிடையே வலி வந்த நாளையும் நேரத்தையும் குறித்துவந்தேன். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் நான் எல்லோரையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வேன். மலர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்; பின்வரிசையில் சிரிப்பு எழும். அதன்பின் இருவர் இருவராக உட்கார்ந்து வாசிக்கும்படி மாற்றினேன். எல்லாக் குழந்தைகளிடமும் இப்படி ஒரு காரணம் அகப்படும் என்று சொல்ல மாட்டேன்.

காலாண்டு விடுமுறை முடிந்த முதல் இரண்டு நாளும் வலி மறுபடி வந்தது. அம்மா போன் செய்தார். "அனுப்பிவைக்கிறேன் டீச்சர், சொல்லிவைக்கலாம்னுதான்" என்றார். மூன்றாம் நாள் மலர் ஜன்னல் பக்கமே போகவில்லை.