மருந்துக்கு அடங்காத கிருமி: ஒரு சொல்லைத் தேர்ந்து சோதிப்பது எப்படி?

அன்டிபயோடிக் மாத்திரைக்குக் கட்டுப்படாத பக்டீரியாக்கள் பெருகிவருவதைத் தமிழ்ச் சுவரொட்டிகள் பெரும்பாலும் 'நுண்ணுயிர் எதிர்ப்பு', 'நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்' என்று எழுதுகின்றன. திருகோணமலையில் வெளிநோயாளர் பிரிவு வாங்கில் காத்திருப்பவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? 'நோய் எதிர்ப்புச் சக்தி' நல்லது என்று சிறுவயது முதல் கேட்டவர் அவர். ஆகவே எதிர்ப்புக் கூடினால் உடம்புக்கு நல்லதுதானே என்று எண்ணுவார்.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் 12 நாடுகளில் கேட்டறிந்தபோது, 76 சதவீதமானோர் 'உடம்புதான் மருந்துக்குப் பழகிவிடுகிறது' என்றே விளங்கியிருந்தார்கள். மாறுவது கிருமி, உடம்பன்று. இந்த ஒரு உண்மையைச் சுமக்கும் சொல்லை எப்படித் தேடுவது, வைத்தியரும் நோயாளரும் அதை ஏற்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: சொல்லை விட்டுவிட்டுக் கருத்தை எழுதுங்கள்

முதலில் எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். "சில கிருமிகள் மருந்துக்குத் தப்பிப் பிழைத்து, தம்மைப் போன்றவற்றைப் பெருக்குகின்றன. பிறகு அதே மருந்து அந்த நோய்க்கு வேலை செய்யாது." எழுதியதை ஒரு வைத்தியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இனி வரும் சொற்களையெல்லாம் இந்த வாக்கியங்களோடு வைத்துத்தான் அளக்கப் போகிறோம். இவற்றில் மாறுவது எது, அது எதற்கு அடங்கவில்லை என்ற இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். 'எதிர்ப்பு' என்ற சொல் இரண்டையும் சொல்லாமல் விடுகிறது.

படி 2: புழங்கும் சொற்களைச் சேருங்கள்

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், தமிழ் நூல்களில் சொல் உண்டா என்று முதலில் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் கைகொடுக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தார். அந்த ஒழுங்கு இன்றும் நல்ல தொடக்கம். ஆனால் அது மட்டும் போதாது. 1875இல் அவர் வெளியிட்ட வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர். இன்று நாம் இரசாயனவியல் என்கிறோம். 1867இல் வந்த 'இரண வைத்தியம்' இன்று சத்திரசிகிச்சை ஆகிவிட்டது. நூலில் ஏறிய சொல் நாவிலும் ஏறும் என்று எண்ணிவிட முடியாது.

ஆகவே அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளைப் பார்த்ததோடு நிற்காமல் ஊருக்குள் போங்கள். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்பவரிடம், "மருந்தடிச்சும் அறக்கொட்டி சாகாட்டி என்னெண்டு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பூச்சி மருந்துக்குப் பழகிய கதையை அவர் நன்றாக அறிவார். அதே வயலில் ஒரு பொறியும் இருக்கிறது. அன்டிபயோடிக்கைக் 'கிருமிநாசினி' என்று எழுதினால், இலங்கையில் அது வயலுக்கு அடிக்கும் நஞ்சின் பெயராகிவிடும். தமிழ்நாட்டில் அதே சொல் கை கழுவும் திரவத்தைக் குறிக்கும். மருந்துறையில் அதை எழுதவே கூடாது. கோணேசபுரியில் சித்த மருத்துவம் கற்பிப்பவரையும் கேளுங்கள். பழைய நூல்களில் 'கிருமி' என்பது புழுவையும் குறிப்பதால், எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பதை அவரே நன்கு அறிவார்.

படி 3: மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம்

நம் வேட்பாளர்கள் இவை: 'மருந்தெதிர்ப்பு', 'மருந்துக்குச் சாகாத கிருமி', 'மருந்துக்கு அடங்காத கிருமி'. முதலாவது சுருக்கமானது, ஆனால் மருந்தை எதிர்ப்பது எது என்பதை அது சொல்லவில்லை. இரண்டாவது உடனே விளங்கும். ஆனால் சில அன்டிபயோடிக்குகள் கிருமியைக் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கின்றன. வைத்தியர் இதைச் சொல்லியே அதை மறுப்பார். 'சாகாத' என்பதைக் கேட்டு நோயாளரும் பயப்படலாம். மூன்றாவது, 'காய்ச்சல் மருந்துக்கு அடங்குதில்ல' என்ற வழக்கிலிருந்து வருகிறது. அடங்காதது கிருமி என்பது சொல்லிலேயே இருக்கிறது.

படி 4: நோயாளரிடம் சோதியுங்கள்

தொடங்கும் முன் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும், தேவைப்படும் இடத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெறுங்கள். ஒரு சொல்லுக்கு 20 பேர் போதும். நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய நான்கு இடங்களிலும் ஐந்தைந்து பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஒரு சொல்லை மட்டுமே காட்டுங்கள். மூன்றையும் காட்டினால் அவர் விளங்கிச் சொல்ல மாட்டார், ஒப்பிட்டுச் சொல்வார்.

"விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லாரும் ஓம் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "அக்கா, இதை வீட்ட போய் உங்கட மாமிக்குச் சொல்றதெண்டா எப்படிச் சொல்லுவீங்க?" அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அடுத்து, "இதில மாறினது என்ன? உடம்பா, மருந்தா, கிருமியா?" என்று கேளுங்கள். கடைசியாக, "அப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். மூன்றாம் கேள்விதான் சொல்லின் மறைந்த குறையைக் காட்டும். 'அடங்காத' என்று கேட்டவர் "அப்ப கூடின டோஸ் போடவேணும்" என்றால், சொல் விளங்கியும் தவறான வழியில் கொண்டுபோகிறது. அப்போது சொல்லோடு எப்போதும் வரவேண்டிய ஒரு துணை வாக்கியம் தேவை: "கூடப் போட்டாலும் வேலை செய்யாது. வைத்தியர் வேறு மருந்து பார்ப்பார்."

தேறும் அளவைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நான் வைக்கும் அளவு இது: 20 பேரில் 16 பேராவது 'கிருமி' என்று சொல்ல வேண்டும், 'உடம்பு' என்பவர் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே ஊரின் ஐவரில் மூவர் தவறினால், மொத்த எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் அந்த ஊருக்குத் திரும்பிப் போங்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கக்கூடும்.

படி 5: வைத்தியரிடம் வேறு விதமாகச் சோதியுங்கள்

வைத்தியரும் தாதியரும் ஆங்கில மருத்துவச் சொற்களோடு பழகியவர்கள். அவர்களுக்குச் சொல் விளங்குவது கேள்வியன்று. நாளெல்லாம் புழங்க முடியுமா என்பதே கேள்வி. அதற்குச் சொல்லுக்கு ஒரு குடும்பம் வேண்டும். 'அடங்காத' என்பதிலிருந்து 'மருந்தடங்காக் கிருமி' வருகிறது. பெயராக 'மருந்தடங்காமை' வருகிறது. 'அடங்காமை' குறள் படித்தவருக்குப் பழகிய சொல். பல மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயைப் 'பன்மருந்தடங்காக் காசநோய்' எனலாம். 'சாகாத' என்பதிலிருந்து இப்படி ஒரு குடும்பம் எழாது.

ஐந்து வைத்தியரையும் ஐந்து தாதியரையும் ஒரு வாரம் அந்தச் சொல்லோடு நோயாளரிடம் பேசச் சொல்லுங்கள். வாரம் முடிந்ததும் கருத்துக் கேட்பதற்கு முன், எத்தனை தடவை சொன்னார்கள், எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள். அந்த இடமே சொல் இடறும் இடம். சிங்களம் பேசும் வைத்தியருக்குத் தமிழ்த் தாதி மொழிபெயர்க்கும் விடுதியில், அந்தத் தாதியின் வாயில் வருவதே நோயாளர் கேட்கும் சொல். ஆகவே தாதியின் மறுப்புக்கு வைத்தியரின் மறுப்புக்குரிய அதே எடை கொடுங்கள்.

படி 6: முடிவு செய்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பிக் கேளுங்கள்

இரு தரப்புக்கும் ஒரே வடிவம்தான் வேண்டும் என்றில்லை. நோயாளருக்கு 'மருந்துக்கு அடங்காத கிருமி', அறிக்கைக்கு 'மருந்தடங்காமை' என்று ஒரே வேரிலிருந்து இரண்டு வடிவம் இருக்கலாம். 'அன்டிபயோடிக்' மட்டும் அப்படியே இருக்கட்டும். மாத்திரை உறையிலும் நாவிலும் அது ஊறிவிட்டது. அதை மாற்றப் போனால் இரண்டு புதுச் சொல்லை ஒரே நேரத்தில் சுமத்துவோம்.

மாதம் கழித்து, முன்பு பேசியவர்களில் சிலரைக் கண்டு, சொல்லைக் காட்டாமலே கேளுங்கள்: "அண்டைக்கு என்ன பேசினோம்?" அவர்கள் வாயில் 'கிருமி அடங்காது' என்று வந்தால் சொல்லை அச்சுக்குக் கொடுங்கள். 'உடம்பு பழகிட்டுது' என்று வந்தால், எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் விட்டுவிட்டு மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.