முகம் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது

போன வருடம், இரவு பதினொன்றரை மணிக்கு, மூன்றாம் செமஸ்டர் விஸ்காம் மாணவி ஒருத்தியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "வணக்கம் மேம். ஃபேஸ் ஸ்வாப் அசைன்மென்ட்டுக்கு நம்ம கிளாஸ் பசங்க போட்டோவை யூஸ் பண்ணிக்கலாமா? எல்லாரோடதும் இன்ஸ்டால இருக்கு. கேட்டா சரின்னுதான் சொல்வாங்க." அவ்வளவுதான்.

'தாராளமா, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கோ' என்று அடிக்க விரல் போய்விட்டது. அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்த ஒன்று. ஒரு பையனின் முகத்தை, பட்டுப்புடவை கட்டிய வகுப்புத் தோழியின் உடம்பில் பொருத்தி ஒருவன் சமர்ப்பித்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல மதிப்பெண்ணும் போட்டேன். ஒரே வாரத்தில் அந்தப் படம் விடுதி வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகிவிட்டது. ஸ்டிக்கரை ஒருவர் சேமித்துவிட்டால் அனுப்பியவர் நீக்கினாலும் அது போகாது. முகம் கொடுத்த பையன் முன்பே சம்மதம் சொல்லியிருந்தான், ஆனால் புடவைக்கு என்று சொல்லவில்லை. புடவை கட்டியிருந்த பெண்ணையோ யாரும் கேட்கவே இல்லை. அவள் முகம்தான் படத்தில் இல்லையே என்று எல்லோருக்கும் நினைப்பு. கழுத்துச் சங்கிலியை வைத்து விடுதியில் எல்லோரும் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதனால் மாணவிக்கு மறுநாள் காலையில்தான் பதில் எழுதினேன். முதல் வரியிலேயே இன்ஸ்டா வேண்டாம் என்றேன். அறம் பேசாமல், வேலையின் தரத்திலிருந்தே தொடங்கினேன், ஏனென்றால் மாணவர்களுக்கு அதுதான் சட்டென்று உறைக்கும். இன்ஸ்டாவிலிருந்து இறக்கும் படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான். குழுப் படமென்றால் அதில் ஒரு முகத்துக்கு நூற்றைம்பது பிக்சல் தேறினால் அதிகம். அதை இழுத்துப் பெரிதாக்கி நல்ல கேமராவில் எடுத்த உடம்பின் மேல் வைத்தால் முகம் மட்டும் சோப்பு நுரை மாதிரி வழவழவென்று நிற்கும். தோலின் துளைகள் ஒரு பக்கம் தெரியும், ஒரு பக்கம் தெரியாது. செல்ஃபியாக இருந்தால் இன்னொரு தொல்லை: கைநீளத் தூரத்தில் எடுப்பதால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி எடுத்த தலையில் அந்த முகம் எத்தனை முறை இழுத்தாலும் உட்காராது.

சட்டப்படி பார்த்தால் இன்ஸ்டா படத்தில் இரண்டு பேரின் விஷயம் கலந்திருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை எடுத்தவர். காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவர். பாடம் நடக்கும்போது ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்திக்கொள்ள அதே சட்டம் இடமும் தருகிறது. ஆனால் அந்தச் சலுகை படத்துக்குத்தான். படத்தில் இருக்கும் ஆளின் முகத்துக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். மாணவர்கள் முதல் கதவு திறந்ததைப் பார்த்துவிட்டு இரண்டாவது கதவும் திறந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வகுப்பில் எழுந்து நின்று "யாருக்கெல்லாம் ஓகே?" என்றால் எல்லாக் கையும் உயரும். அதில் பாதி, தூக்காவிட்டால் என்ன சொல்வார்களோ என்று தூக்கிய கை. அதனால் தனியாக, எழுத்தில் கேட்கச் சொன்னேன். என்ன எழுதுவதென்றும் மாதிரி கொடுத்தேன்: "உன் முகத்தை இன்னாருடைய உடம்பில் வைக்கப்போகிறேன். இருவருக்கும் முடித்த படத்தைக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். மேம் பார்ப்பார், வகுப்பில் ஒருமுறை திரையில் வரும், வெளியே எங்கும் போடமாட்டேன். செமஸ்டர் முடிந்ததும் அழித்துவிடுவேன். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை." முகம் கொடுப்பவர், உடம்பு கொடுப்பவர் இருவரிடமும் இது போக வேண்டும். பொதுவாகச் சொல்லும் 'சரி' எனக்குப் போதாது. எந்த முகம் எந்த உடம்பில் என்பதற்குத்தான் சம்மதம். 18 வயது நிரம்பாதவர்களை விட்டுவிடச் சொன்னேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தை என்றே கணக்கிட்டு, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஒரு அசைன்மென்ட்டுக்காக எந்த அப்பாவுக்கும் போன் போட நான் தயாரில்லை.

பிறகுதான் முக்கியமான வரி: பழைய படம் எதுவும் வேண்டாம், சரியென்று சொன்னவர்களைப் புதிதாக எடு. அனுமதிச் சிக்கலும் தொழில்நுட்பச் சிக்கலும் இந்த ஒரே இடத்தில் தீர்ந்துவிடுகின்றன. வடக்குப் பார்த்த வராந்தாவில், காலை பத்து மணிக்கு, ஒரே இடத்தில் நிற்கவைத்து, இரண்டு மீட்டர் தள்ளி, கேமராவைக் கண் மட்டத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு படத்திலும் ஒரே பக்கம் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. மாறி விழுந்தால் மறுபடி எடுப்பதே நல்லது.

மற்றது போட்டோஷாப் வேலை. லாஸோவால் புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடைக்குச் சற்று உள்ளே வரை முகத்தை வெட்டி, மற்ற படத்தில் ஒட்டி, ஒபாசிட்டியை 50 சதவீதமாகக் குறைத்து, கண்ணோடு கண், வாயோடு வாய் பொருந்தும் வரை Ctrl+T போட்டு நகர்த்த வேண்டும். பிறகு ஒபாசிட்டியை 100-க்குக் கொண்டுவந்து Match Color. இங்கேதான் நான் அவளுக்கு ஒரு எச்சரிக்கை எழுதினேன். கறுத்த முகத்தை வெளுத்த உடம்புக்கு ஏற்றபடி மாற்றும்போது முகத்தை வெளுக்கவைப்பதே எளிய வழி. முகம் கொடுத்தவரிடம் படத்தைக் காட்டும் நேரத்தை நினைத்துப்பார், முடிந்தால் உடம்பின் நிறத்தை முகத்துக்கு மாற்று என்றேன். நெற்றியில் திருநீறு, தலையில் ஹிஜாப், கழுத்தில் சிலுவை இருக்கும் படங்களைக் கலக்கவே வேண்டாம் என்றும் சேர்த்தேன்.

சம்மதிக்க ஆள் கிடைக்காவிட்டால் ரவி வர்மா இருக்கிறார். 1906-ல் மறைந்தவர், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அவருடைய சகுந்தலைக்குத் தன் முகத்தையே வைத்துக்கொள்ளலாம். சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் மட்டும் கைவைக்கக் கூடாது. அது துறைத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வரவழைக்கும்.

கடைசியாகக் கோப்பு. PSD-யில் எல்லா லேயரும் உயிரோடு இருக்கும், ஸ்வாப்புக்கு முந்தைய அசல் முகம் உட்பட. அதை எனக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன். வகுப்புத் திரைக்கு Flatten Image செய்த JPG போதும். டிரைவில் 'இணைப்பு உள்ள யாரும்' என்று திறந்துவைத்த ஃபோல்டர் எனக்கு வேண்டாம்.

அவள் எட்டுப் பேருக்கு எழுதினாள். ஐந்து பேர் சரியென்றார்கள், இருவர் வேண்டாமென்றார்கள், ஒருவன் பதிலே போடவில்லை. அவனையும் வேண்டாம் கணக்கில் வைக்கச் சொன்னேன். முடித்த படத்தைக் காட்டியபோது ஐவரில் ஒருத்தி, "என் முகம் இதுல என் அத்தை மாதிரி இருக்கு, வேண்டாம்டி" என்றுவிட்டாள். சமர்ப்பிக்க மறுநாள்தான் கெடு. எல்லோரையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் எடுத்திருந்ததால் வேறொரு முகத்தை அதே உடம்பில் உட்காரவைக்க நாற்பது நிமிடம்தான் ஆனது. இரவு பதினொன்றரைக்கே மின்னஞ்சல் வந்துவிட்டது, இந்த முறை இணைப்போடு.